பாதுகாப்புக்கு எத்தனை சதவீதம் விலை?

2018 ஜனவரி 5ஆம் தேதி, ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் தன் ஆட்டக்காரர்களுக்கு ஒரு வரைபடத்தைக் காட்டியது. அவர்களுடைய சர்வர் ஒன்றில் பிராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கோடு அது. அதுவரை கீழே ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு மேலேயே நின்றுவிட்டது. ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை கூடவில்லை, புதிய வசதி எதுவும் சேர்க்கப்படவில்லை. ‘மெல்ட்டவுன்’ என்ற பாதுகாப்புக் குறைக்கான திருத்தம் அந்தச் சர்வரில் ஏற்றப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அதே வாரத்தில் அதே குறைக்கான திருத்தம் கோடிக்கணக்கான வீட்டுக் கணினிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அவற்றின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு எதுவும் மாறியதாகவே தெரியவில்லை. ஒரே குறை, ஒரே மாதிரியான திருத்தம். ஓரிடத்தில் பெருத்த நஷ்டம், இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை. செய்தித்தாள்கள் அப்போது ‘5 முதல் 30 சதவீதம் வேகம் குறையும்’ என்று எழுதின. அந்த எண் பொய்யில்லை, ஆனால் தன் கணினியைப் பற்றி யோசிக்கிறவருக்கு அதனால் பயனும் இல்லை. வேகக் குறைவு என்பது திருத்தத்துக்கு உள்ளே ஒட்டிவைத்த விலைச்சீட்டு அல்ல. உங்கள் கணினி என்ன வேலை செய்கிறது என்பதில்தான் அந்த விலை இருக்கிறது. அதை எப்படிக் கணக்குப் போடுவது என்பதற்கு, குறை எங்கே இருந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இன்றைய பிராசஸர்கள் கட்டளைகளை ஒன்றன்பின் ஒன்றாக, முந்தையது முடியட்டும் என்று காத்திருந்து செய்வதில்லை. மெமரியிலிருந்து ஒரு தகவல் வந்து சேர நூறு நானோ நொடியை ஒட்டி ஆகலாம். அந்த நேரத்தில் பிராசஸர் நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிடும். சும்மா நிற்பானேன் என்று, அடுத்து எது வரும் என ஊகித்து அந்த வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. ஊகம் சரியென்றால் லாபம். தப்பென்றால் செய்ததை அழித்துவிட்டுச் சரியான வழியில் போகும். டீக்கடை மாஸ்டர் தெருமுனையில் வழக்கமான வாடிக்கையாளரைப் பார்த்ததுமே பாலை அடுப்பில் ஏற்றுவது போலத்தான். அவர் கடைக்குள் வராமலே போய்விட்டால் டீ இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் பால் சூடாகிவிட்டது. அடுத்து வருகிறவருக்கு டீ வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிடைத்தால், தனக்கு முன்னால் யாருக்கோ டீ போட மாஸ்டர் தயாரானார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

பிராசஸரில் அந்தச் சூடான பால் ‘கேஷ்’ என்கிற சின்ன, அதிவேக மெமரி. ஊகத்தில் செய்த வேலையின் விளைவுகளை பிராசஸர் அழித்தாலும், அப்போது கேஷுக்குள் வந்த தகவல் அங்கேயே தங்கிவிடுகிறது. தகவல் கேஷில் இருந்தால் சில நானோ நொடியில் கிடைக்கும், இல்லாவிட்டால் பல மடங்கு நேரமாகும். இந்த வித்தியாசத்தை ஒரு சாதாரண புரோகிராமே அளந்துவிட முடியும்.

மெல்ட்டவுன் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. கணினியில் கெர்னல் என்ற மையப் பகுதி ஒன்று உண்டு. எல்லாப் புரோகிராம்களின் மெமரியும், தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டும், கோப்புகளும் அதன் கைவழியாகத்தான் போகும். அந்தக் காலத்து அமைப்பில், ஒவ்வொரு புரோகிராமின் மெமரி வரைபடத்திலும் கெர்னலின் பகுதியும் சேர்ந்தே இருந்தது. ‘உனக்கு அனுமதி இல்லை’ என்ற குறியீடு மட்டும் அதன்மேல் இருக்கும். புரோகிராம் அதைப் படிக்க முயன்றால் பிராசஸர் தடுத்துவிடும். ஆனால் இன்டெல் பிராசஸர்களில், அந்தத் தடை அமலாவதற்கு முன் ஒரு கண நேரத்துக்கு, படித்த ரகசியம் அடுத்த கட்டளைகளின் கையில் போய்விட்டது. தாக்குபவர் 256 இடங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்துக்கொள்வார். ரகசியமான பைட்டின் மதிப்பு 83 என்றால், ஊகத்தில் ஓடும் கட்டளை பட்டியலின் 83ஆவது இடத்தைத் தொடும். பிறகு தடை வரும், எல்லாம் அழியும். அதன்பின் அவர் பட்டியலின் எல்லா இடங்களையும் படித்து நேரம் பார்ப்பார். ஒன்று மட்டும் சட்டென்று கிடைக்கும். அதுதான் 83. இதையே திரும்பத் திரும்பச் செய்து, நொடிக்கு 500 கிலோபைட் வரை கெர்னலின் மெமரியைப் படிக்கலாம் என்று ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் மற்ற ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதிய கட்டுரை காட்டியது. கூகுளின் யான் ஹார்ன் 2017இலேயே இதைத் தனியாகக் கண்டுபிடித்து இன்டெலிடம் சொல்லியிருந்தார்.

சிலிக்கானில் பதிந்த குறையை, விற்றுப்போன சிப்பில் போய்த் திருத்த முடியாது. ஆகவே மென்பொருளில் ஒரு சுற்றுவழி செய்தார்கள். கெர்னலின் பகுதி புரோகிராமின் வரைபடத்தில் இருப்பதால்தானே தொல்லை? அதை அங்கிருந்து எடுத்துவிடு. புரோகிராம் ஓடும்போது ஒரு வரைபடம், கெர்னல் ஓடும்போது வேறொன்று. லினக்ஸில் இதற்கு கேபிடிஐ என்று பெயர், 4.15ஆம் பதிப்பில் சேர்ந்தது. விண்டோஸும் மேக்கும் இதே எண்ணத்தைத் தத்தம் வழியில் செய்தன.

விலை எங்கே வருகிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். ஒரு புரோகிராம் கோப்பைப் படிக்க, நெட்வொர்க்கில் அனுப்ப என எதற்கெல்லாம் கெர்னலைக் கூப்பிடுகிறதோ, அப்போதெல்லாம் வரைபடத்தை மாற்ற வேண்டும். வேலை முடிந்து திரும்பும்போது மீண்டும் மாற்ற வேண்டும். இப்படிக் கூப்பிடுவதை ‘சிஸ்டம் கால்’ என்பார்கள். திருத்தம் கேட்கும் கட்டணம் ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும்தான். எல்லையைக் கடக்காமல் தன் கணக்கைத் தானே போட்டுக்கொண்டிருக்கும் புரோகிராமுக்கு ஏறக்குறைய கட்டணமே கிடையாது.

நெட்ஃபிளிக்ஸில் அப்போது வேலை பார்த்த பிரெண்டன் கிரெக், 2018 பிப்ரவரியில் இதை அளந்து எழுதினார். ஒரு பிராசஸர் கோரில் நொடிக்கு 50,000 சிஸ்டம் கால் நடந்தால் இழப்பு சுமார் 2 சதவீதம், எண்ணிக்கை ஏற ஏற இழப்பும் ஏறும் என்பது அவர் முடிவு. இதை நாமே வகுத்துப் பார்க்கலாம். ஒரு நொடியில் 2 சதவீதம் என்றால் 20 மில்லி நொடி. அதை 50,000 கால்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 400 நானோ நொடி வருகிறது. தனியே பார்த்தால் அற்பம். நொடிக்குச் சில நூறு முறை கெர்னலைக் கூப்பிடும் ஒரு டைப்பிங் புரோகிராமுக்கு அது கண்ணுக்கே தெரியாது. நொடிக்கு லட்சக்கணக்கில் கூப்பிடும் டேட்டாபேஸ் சர்வருக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்த மாதிரி. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், படிக்கும் வேலையை மட்டும் வைத்துச் செய்த ஓர் ஆரம்பச் சோதனையில் 17 முதல் 23 சதவீதம் வரை வேகம் குறைந்தது. எபிக் கேம்ஸ் கோடு ஏறியதற்கும் இதுதான் அடிப்படை. விளையாட்டுச் சர்வர் ஓயாமல் நெட்வொர்க்கில் பேசிக்கொண்டிருக்கிறது.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் கணினியிலேயே பார்க்கலாம்.

```
time dd if=/dev/zero of=/dev/null bs=1 count=5000000
time dd if=/dev/zero of=/dev/null bs=1M count=5000
```

முதல் கட்டளை 50 லட்சம் பைட்டை ஒவ்வொரு பைட்டாகப் படித்து எழுதுகிறது. ஒரு பைட்டுக்குப் படிக்க ஒன்று, எழுத ஒன்று, ஆக மொத்தம் ஒரு கோடி சிஸ்டம் கால். மேலே சொன்ன 400 நானோ நொடிக் கணக்கை அப்படியே வைத்தால், திருத்தம் மட்டும் 4 நொடியைத் தின்னும். இரண்டாவது கட்டளை அதைப்போல ஆயிரம் மடங்கு தரவைப் படித்து எழுதுகிறது. ஆனால் ஒரு தடவைக்கு 1 மெகாபைட்டாக எடுப்பதால் மொத்தம் 10,000 சிஸ்டம் கால்தான். திருத்தத்தின் பங்கு 4 மில்லி நொடி. உங்கள் சிப்பில் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள விகிதம் மாறாது. எழுதும் முறையிலேயே வேலையின் தன்மை மாறுகிறது என்பதால்தான், கிரெக் தன் நிறுவனத்தில் 0.1 முதல் 6 சதவீதம் வரை இழப்பை எதிர்பார்த்தாலும், சரிசெய்தால் அதை 2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்துவிடலாம் என்று எழுதினார்.

சிப்பின் வயதும் இதில் சேர்ந்துகொள்கிறது. வரைபடத்தை மாற்றும்போது பிராசஸர் தன் பழைய முகவரிக் குறிப்புகளையெல்லாம் தூக்கிப்போட வேண்டியிருந்தால் இழப்பு அதிகம். பிசிஐடி என்ற வசதி இருந்து, இயங்குதளமும் அதைப் பயன்படுத்தினால் தூக்கிப்போட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரி 9 அன்று சொன்னது இதோடு ஒத்துப்போகிறது. 2016ஐ ஒட்டிய அல்லது அதைவிடப் புதிய சிப்பில் விண்டோஸ் 10 இருந்தால் இழப்பு ஒற்றை இலக்கச் சதவீதம், பெரும்பாலோர் உணர மாட்டார்கள். 2015ஐ ஒட்டிய, ஹாஸ்வெல் அல்லது அதற்கும் பழைய சிப் என்றால் சிலர் உணர்வார்கள். அதே பழைய சிப்பில் விண்டோஸ் 7 அல்லது 8 என்றால் பெரும்பாலோர் உணர்வார்கள். ஏன் விண்டோஸ் 7க்கு மட்டும் இந்தத் தண்டனை? அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. பழைய விண்டோஸில் எழுத்துருக்களைத் திரையில் வரையும் வேலையே கெர்னலுக்குள் நடந்தது. அதனால் எல்லையைக் கடக்கும் தடவைகள் அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ வேகத்துக்காக எடுத்த முடிவு, வேறொரு காரணத்தால் வேகத்தைக் குறைக்கிறது.

ஆக, இழப்பை அறிய உங்கள் உண்மையான வேலையை எடுத்து, அதில் எவ்வளவு நேரம் கெர்னலுக்குள் போகிறது என்று பாருங்கள். லினக்ஸில் `time` கட்டளை மூன்று எண்களைத் தரும். `user` என்பது புரோகிராமின் சொந்த நேரம், `sys` என்பது கெர்னலில் போன நேரம். வீடியோவைச் சுருக்கும்போது `sys` மிகச் சிறிதாக இருக்கும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது `user`ஐவிட அதுவே பெரிதாகிவிடும். விண்டோஸில் Task Manager திறந்து, CPU வரைபடத்தின்மேல் வலது கிளிக் செய்து Show kernel times என்பதைத் தேர்ந்தால் கெர்னல் நேரம் தனி நிறத்தில் தெரியும். அந்த நிறம் தரையோடு ஒட்டிக் கிடந்தால், மெல்ட்டவுன் திருத்தத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை.

இது விலையின் பக்கம். ஆபத்தின் பக்கத்துக்கு ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் கருத்து: இந்தக் கணினியில் யாருடைய புரோகிராம் ஓடுகிறது? மெல்ட்டவுனும் அதன் கூடவே வெளிவந்த ‘ஸ்பெக்டர்’ குறைகளும் தாங்களாகவே கணினிக்குள் நுழைவதில்லை. தாக்குபவரின் புரோகிராம் ஏற்கனவே அந்த பிராசஸரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வாடகைச் சர்வரில் அது சர்வசாதாரணம். ஒரே சிப்பை முன்பின் தெரியாத பல வாடிக்கையாளர்கள் பங்கிடுவதுதான் கிளவுட் தொழிலே. அங்கே திருத்தத்தை எடுப்பது பற்றிப் பேச்சுக்கே இடமில்லை. ஒரு ஆய்வுக்கூடத்தில், இணையத்தில் சேராமல், ஒரே குழு எழுதிய கணக்கை மட்டும் இரவும் பகலும் போடும் கணினிக்கு இந்தக் குறையால் வரும் ஆபத்து மிகக் குறைவு. அங்கே அந்நியர் புரோகிராம் நுழைந்துவிட்டதென்றால், கேஷில் நேரம் அளப்பதைவிட எளிய வழிகள் அவருக்கு ஏராளம்.

வீட்டுக் கணினி இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அது வாடகைச் சர்வரின் பக்கம் சாய்கிறது, காரணம் பிரவுசர். நீங்கள் திறக்கும் ஒவ்வொரு இணையப் பக்கமும் தன் ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமை உங்கள் பிராசஸரில் ஓட்டுகிறது. 2021 மார்ச்சில் கூகுளே ஒரு செயல்விளக்கப் பக்கத்தை வெளியிட்டது. குரோம் பிரவுசரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், ஸ்பெக்டர் வழியாக அதே பிரவுசரின் மெமரியை நொடிக்கு ஒரு கிலோபைட் வேகத்தில் படித்துக் காட்டியது. நொடிக்கு ஒரு கிலோபைட் ஆமை வேகம்தான், ஆனால் ஒரு பாஸ்வேர்டு எத்தனை பைட் இருக்கும்?

பிரவுசர்காரர்கள் 2018 ஜனவரியிலேயே அவசர நடவடிக்கை எடுத்தார்கள். இணையப் பக்கத்துக்குக் கொடுக்கும் கடிகாரத்தின் துல்லியத்தையே குறைத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸ் அதை 20 மைக்ரோ நொடிக்கு மழுக்கியது. நேரத்தை அளக்க முடியாவிட்டால் கேஷின் வித்தியாசம் தெரியாதே. பிறகு குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில் அடைத்தது. அதற்கு விலை வேகத்தில் இல்லை, மெமரியில் 10 முதல் 13 சதவீதம் வரை கூடுதல். இந்த விலையை நாம் எல்லோரும் கேள்வி கேட்காமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். கொடுக்கத்தான் வேண்டும்.

இப்படி எடை போடுவதைக் கெர்னல் எழுதுகிறவர்களே பகிரங்கமாகச் செய்த சம்பவம் ஒன்று உண்டு. 2018 நவம்பரில் லினக்ஸ் 4.20 தயாராகிக்கொண்டிருந்தபோது, சில வேலைகள் திடீரென்று மந்தமாகியிருப்பதை வேகச் சோதனை செய்கிறவர்கள் கவனித்தார்கள். தேடிப் பார்த்ததில் எஸ்டிஐபிபி என்ற ஸ்பெக்டர் திருத்தம் எல்லாப் புரோகிராமுக்கும் தானாக இயங்கும்படி சேர்க்கப்பட்டிருந்தது. இன்டெல் சிப்களில் ஒரு கோர், இரண்டு கோர் போல நடித்து இரண்டு புரோகிராமை ஒரே நேரத்தில் ஓட்டும். ஹைப்பர்த்ரெடிங் என்பது அதுதான். அந்த இருவரும் ஊகிக்கும் கருவியைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒருவர் மற்றவரின் ஊகத்தைத் திசைதிருப்ப முடியும். எஸ்டிஐபிபி அதைத் தடுக்கிறது.

லினஸ் டோர்வால்ட்ஸ் கோபப்பட்டார். சில வேலைகளில் வேகம் 50 சதவீதம் விழுகிறதென்றால் இது தகுமா என்று கேட்க வேண்டாமா என்பது அவர் வாதம். இந்த ஆபத்தை உண்மையிலேயே அஞ்சுகிறவர்கள் ஏற்கனவே ஹைப்பர்த்ரெடிங்கையே அணைத்துவிட்டார்கள், மற்ற எல்லோர் தலையிலும் ஏன் இதைச் சுமத்த வேண்டும் என்றார். முடிவில் திருத்தம் நீக்கப்படவில்லை. தனக்கு வேண்டும் என்று கேட்கும் புரோகிராமுக்கும், தனிக்கட்டுக்குள் ஓடும் புரோகிராமுக்கும் மட்டும் என்று மாற்றினார்கள். பின்னர் 5.16ஆம் பதிப்பில் அதையும் சுருக்கி, வெளிப்படையாகக் கேட்பவற்றுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள். ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்ற இரண்டு பதில்களுக்கு நடுவே ‘யாருக்கு வேண்டும்’ என்று மூன்றாவது பதிலைத் தேடியதுதான் இதில் நல்ல வேலை.

தனி மனிதருக்கு அந்த மாதிரி முடிவு எடுக்கும் நிலை வரும் ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் ‘டவுன்ஃபால்’ என்ற குறை வெளிவந்தது. கண்டுபிடித்தவர் கூகுளின் டேனியல் மொகிமி. இன்டெலின் 6ஆம் தலைமுறை முதல் 11ஆம் தலைமுறை வரையிலான சிப்களைத் தாக்குகிறது, 12ஆம் தலைமுறையைத் தாக்குவதில்லை. மெமரியில் சிதறிக் கிடக்கும் எண்களை ஒரே கட்டளையில் அள்ளிவரும் ‘கேதர்’ என்ற கட்டளைதான் கசியும் இடம். அதே கோரில் ஓடும் இன்னொரு புரோகிராமின் குறியாக்கச் சாவியை இதன் வழியே எடுத்துக் காட்டினார் மொகிமி. திருத்தம், அந்தக் கட்டளையின் ஊகத்தைத் தடுக்கும் மைக்ரோகோட். சிப்புக்குள் ஏற்றப்படும் சின்ன நிரல் அது. பெரும்பாலான வேலைகளில் பாதிப்பு பெரிதாகத் தெரியாது, சில வேலைகளில் 50 சதவீதம் வரை போகலாம் என்று இன்டெலே சொன்னது.

ஒரு 8ஆம் தலைமுறை லேப்டாப்பை வைத்துக்கொள்வோம். அதில் லினக்ஸ் இருந்தால் இந்தக் கட்டளை எல்லாக் குறைகளின் நிலையையும் வரிவரியாகக் காட்டும்.

```
grep . /sys/devices/system/cpu/vulnerabilities/*
```

`meltdown` வரியில் `Mitigation: PTI` என்றும், `gather_data_sampling` வரியில் `Mitigation: Microcode` என்றும் இருந்தால் இரண்டு திருத்தங்களும் அமலில் உள்ளன. `Not affected` என்றால் அந்தச் சிப்புக்கு அந்தக் குறையே இல்லை, எனவே அதற்கு விலையும் இல்லை. `Vulnerable: No microcode` என்று வந்தால் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

அந்த லேப்டாப்பின் சொந்தக்காரர் கடிதம் எழுதி, வங்கிக்கணக்கு பார்த்து, படம் பார்ப்பவர் என்றால் கேதர் கட்டளையை அவர் வேலை அரிதாகவே தொடும். இழப்பு இல்லை, பிரவுசர் ஆபத்து உண்டு. விட்டுவிடலாம். அதே லேப்டாப்பில் ஓர் ஆராய்ச்சி மாணவர் எண் கணக்குகளை மணிக்கணக்கில் ஓட்டுகிறார் என்றால், அளந்து பார்க்க வேண்டும். கணினி தொடங்கும்போது வரும் GRUB பட்டியலில் `e` அழுத்தி, `linux` என்று தொடங்கும் வரியின் கடைசியில் `gather_data_sampling=off` என்று சேர்த்து, Ctrl+X அழுத்தினால் அந்த ஒரு முறை மட்டும் இந்த ஒரு திருத்தம் இல்லாமல் கணினி தொடங்கும். அடுத்த முறை அணைத்துப் போட்டால் பழையபடி. இணையத்தைத் துண்டித்துவிட்டு, தன் கணக்கையே, வேறு எதையும் அல்ல, ஐந்தாறு முறை ஓட்டி நேரம் குறிக்க வேண்டும். பிறகு திருத்தத்தோடும் அதே மாதிரி.

இந்த இடத்தில்தான் பலர் தவறான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். லேப்டாப் சூடானால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஓட்டம் குளிர்ந்த சிப்பில் வேகமாகவும் நான்காவது ஓட்டம் சூடான சிப்பில் மெதுவாகவும் வரும். பின்னால் அளந்த நிலைமேல் பழி விழும். ஒரே நிலையில் ஓட்டங்களுக்குள்ளேயே 4 சதவீதம் ஏற்ற இறக்கம் இருக்கும்போது, இரண்டு நிலைகளுக்கும் இடையே 3 சதவீத வித்தியாசம் கிடைத்தால் அது ஒன்றையும் சொல்லவில்லை. வித்தியாசம் 30 சதவீதம் என்றால் சந்தேகமே இல்லை. அப்போது அந்த மாணவர் கணக்கை 12ஆம் தலைமுறைக் கணினி ஒன்றில் ஓட்ட முடியுமா என்று பார்க்கலாம், அல்லது பிரவுசர் திறக்காத ஒரு தனிக் கணினியில் திருத்தத்தை அணைத்து ஓட்டலாம். பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் உள்ள அன்றாட லேப்டாப்பில் நிரந்தரமாக அணைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

திருத்தமே தொல்லை தருவதும் உண்டு. 2018 ஜனவரியில் ஸ்பெக்டருக்காக இன்டெல் கொடுத்த மைக்ரோகோடை ஏற்றிய சில கணினிகள் திடீர் திடீரென்று ரீபூட் ஆயின. 22ஆம் தேதி, அதைப் பரப்புவதை நிறுத்துங்கள் என்று இன்டெலே கேட்டுக்கொண்டது. சில நாளில் மைக்ரோசாஃப்ட் அந்தத் திருத்தத்தை அணைக்கவே ஒரு தனி அப்டேட் விட்டது. அதே மாதம், விண்டோஸ் அப்டேட் ஒன்று சில பழைய ஏஎம்டி கணினிகளைத் தொடங்கவே விடாமல் செய்தது. அவசரத்தில் தைத்த சட்டை அப்படித்தான் இருக்கும். ஆனால் இதிலிருந்து ‘அப்டேட்டே போடாதே’ என்ற முடிவுக்குப் போவது சரியில்லை. வீட்டில் தானாக வருவதை விட்டுவிடலாம். பல கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் முதலில் ஒன்றிரண்டில் ஏற்றி, சில நாள் கவனித்து, பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

லினக்ஸில் எல்லாத் திருத்தங்களையும் ஒரே சொல்லில் அணைக்க `mitigations=off` என்ற வழி 5.2ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. விளையாட்டு வேகத்துக்காக அதைப் போடச் சொல்லும் வீடியோக்கள் நிறைய. மெல்ட்டவுன் காலத்துப் பழைய இன்டெல் சிப்பில், சிஸ்டம் கால் நிறைந்த வேலைக்கு அதனால் வேகம் கூடும் என்பது உண்மைதான். புதிய சிப்களின் கதை வேறு. பல குறைகள் சிலிக்கானிலேயே சரிசெய்யப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற வேண்டிய வேகமே அங்கு அதிகம் இல்லை. 2022இல் வந்த ஏஎம்டி ரைசன் 7950எக்ஸ் சிப்பில் ஃபோரோனிக்ஸ் தளம் இந்தச் சோதனையைச் செய்தபோது, திருத்தங்களை அணைத்ததும் சில வேலைகள் வேகம் கூடுவதற்குப் பதிலாக இன்னும் மெதுவாகின. திருத்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தே அந்தச் சிப் செய்யப்பட்டிருக்கலாம்.